சாதாரணப் படம் வேலைக்கான சுயவிவரப் படமாகும்போது: எதைத் திருத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும்

படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். விற்பனைப் பொருள்களின் படங்களும் விழாப் படங்களும்தான் அதில் பெரும்பகுதி என்றாலும், வேலை தேடுகிறவர்கள் தங்கள் கைபேசியில் இருக்கும் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, அதை வேலைவாய்ப்புத் தளத்தில் வைக்கும் அளவுக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்பதும் அடிக்கடி நடக்கிறது. இந்த வேலையில் கருவிகளைக் கையாள்வது கடினமே அல்ல. எந்தத் திருத்தம் கேமரா செய்த பிழையைச் சரிசெய்கிறது, எந்தத் திருத்தம் படத்தில் இருக்கும் ஆளையே மாற்றுகிறது என்று ஒவ்வோர் இடத்திலும் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். அப்படிப் பிரிப்பதற்கு நான் இப்போது கையாளும் முறை, எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் படத்தைச் செய்தபோதுதான் முழு வடிவம் பெற்றது. ஆகவே அந்தப் படத்தை வைத்தே சொல்கிறேன்.

அவர் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டுப் பொறுப்புகளுக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து, நாற்பதுகளின் நடுவில் மீண்டும் வேலை தேடத் தொடங்கியிருந்தார். நண்பர்களோடு ஒரு பூங்காவில் எடுத்த குழுப் படத்தில் தன் முகம் இயல்பாக இருப்பதாகவும், படம் எடுக்கவென்று நின்றால் முகம் இறுகிப்போவதாகவும் சொல்லி, அந்தக் குழுப் படத்தை எனக்கு அனுப்பினார். கூடவே, என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்: “முகத்தைக் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிவிடு தம்பி. கண்ணுக்குக் கீழே இருக்கிற கருமையை எடுத்துவிடு. புருவத்துக்கு மேலே இருக்கிற தழும்பு தெரிய வேண்டாம். நரையை மறைத்துவிடு. முடிந்தால் கோட் போட்ட மாதிரி செய்து, பின்னால் ஓர் அலுவலகம் தெரிகிற மாதிரி வைத்துவிடு.”

கேட்டவை எல்லாம் ஒரே மூச்சில் வந்தாலும் அவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பிரிப்பதற்கு முன்னால், கையில் இருக்கும் கோப்பு வேலைக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அவர் அனுப்பியது செய்திச் செயலி வழியே வந்த பிரதி. அகலம் 1600 பிக்சல். அதில் அவருடைய தலை, உச்சியிலிருந்து முகவாய் வரை, ஏறத்தாழ 200 பிக்சல் உயரமே இருந்தது. லிங்க்டுஇன் தளம் சுயவிவரப் படத்துக்குக் குறைந்தது 400க்கு 400 பிக்சல் கேட்கிறது. முகம் சட்டத்தில் 60 விழுக்காடு அளவுக்கு இருப்பது நல்லது என்றும் சொல்கிறது. 200 பிக்சல் முகம் 60 விழுக்காடாக அமையும்படி சதுரமாக வெட்டினால் அந்தச் சதுரம் 330 பிக்சல் அளவில்தான் வரும். இந்த இடத்தில்தான் பலர் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளுக்குப் போகிறார்கள். அந்தச் செயலிகள் படத்தில் இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன: இமை மயிர்கள் ஒரே சீராக வந்துவிடும், பல் வரிசை மாறிவிடும், கண்ணின் வெளிமுனை கொஞ்சம் நகர்ந்துவிடும். தூரத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாக இருப்பதாகவே தோன்றும், நெருங்கிய ஒருவரிடம் காட்டினால், “இது யார், உன் தங்கையா?” என்று கேட்பார். ஒருவரும் பொய் சொல்ல நினைக்காமலேயே முகம் பொய்யாகிவிடும் வழி இது. அதனால் நான் அந்தப் பிரதியைத் தொடவில்லை. படம் எடுத்தவரின் கைபேசியில் இருந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கச் சொன்னேன். அதைச் செயலியில் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொன்னதால் சுருங்காமல் வந்தது: 4000க்கு 3000 பிக்சல். அதில் தலை 500 பிக்சல் உயரம் இருந்தது. வெட்டிய சதுரம் 830 பிக்சல் வந்தது. அது போதும். எடுத்தவரிடம், இந்தப் படத்தைப் பொதுவில் வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடும்படியும் சொன்னேன். படம் எடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

மூலக் கோப்போடு, அதே நிமிடத்தில் எடுத்த வேறு சில படங்களும் வந்தன. அக்காவுக்குப் பிடித்த படத்தில் இலைகளுக்கிடையே வந்த வெயில் அவர் கன்னத்தில் வட்டமாக விழுந்திருந்தது. அந்த வட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் மதிப்பும் உச்ச அளவான 255இல் முட்டி நின்றன. அதாவது அந்த இடத்தில் தோலைப் பற்றிய தகவல் எதுவும் பதிவாகவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளை வட்டம் சாம்பல் வட்டமாகுமே தவிர, கன்னம் திரும்பி வராது. அந்த இடத்தை நிரப்ப வேண்டுமானால் மறு கன்னத்திலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டும். அதைச் செய்வதைவிட அடுத்த படத்தை எடுத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. அடுத்ததில் அவர் முழு நிழலில், குழுவின் நடுவில் நின்றிருந்தார். நடுவில் நிற்பது முக்கியம்: கைபேசியின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களின் தலையைப் பக்கவாட்டில் இழுத்துவிடும்.

இப்போது அவருடைய கோரிக்கைகளுக்கு வருகிறேன். அவற்றைத் தொடங்குவதற்கு முன், நான் அவரிடம் இன்னொரு படம் கேட்டேன். அதை நான் சாட்சிப் படம் என்று சொல்வேன். பகல் வெளிச்சத்தில், நேரடி வெயில் விழாத சன்னலுக்கு எதிரே நின்று, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு, வேறொருவர் பின்பக்கக் கேமராவால் எடுத்த படம். அழகூட்டும் அமைப்புகள் எல்லாம் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். பல கைபேசிகளில் அவை நாம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். எடுப்பவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2018ஆம் ஆண்டு வெளியான ஒரு மருத்துவ ஆய்வுக் குறிப்பில், 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுத்த தற்படத்தில் மூக்கின் அகலம், ஒன்றரை மீட்டரில் எடுத்ததோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று கணக்கிட்டிருந்தார்கள். இது லென்ஸின் தரத்தால் வருவது அல்ல, தொலைவால் வருவது. தற்படத்தைக் கொண்டுவந்து மூக்கைச் சின்னதாக்கித் தரக் கேட்பவர்களுக்கு நான் மூக்கைத் தொடுவதில்லை. தள்ளி நின்று மறுபடி எடுக்கச் சொல்கிறேன். மூக்கு தானாகவே தன் அளவுக்கு வந்துவிடுகிறது.

இந்தச் சாட்சிப் படம் எங்கும் வெளியாகாது. திருத்தும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வதற்கு மட்டும்தான். பூங்காப் படத்தில் மட்டும் இருக்கும், சாட்சிப் படத்தில் இல்லாத குறைகள், அந்த நேரத்து வெளிச்சத்தாலோ தற்காலிகக் காரணத்தாலோ வந்தவை, அவற்றை நீக்கலாம். இரண்டிலும் இருப்பவை அவருடையவை. அவை இருக்க வேண்டும். அந்தந்த நேரத்தில் கண்ணுக்கு எது நன்றாகத் தெரிகிறதோ அதைச் செய்துகொண்டே போகும் பழக்கத்தை இந்த ஒரு படம் தடுத்துவிடுகிறது.

முதல் கோரிக்கை, முகத்தைப் பளிச்சென்று ஆக்குவது. இதில்தான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரத்தடியில் எடுத்த படத்தில் முகம் மங்கலாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, மொத்த வெளிச்சம் குறைவு. மற்றொன்று, இலைகளின் ஊடாகவும் புல்தரையில் பட்டும் வந்த பச்சை ஒளி. பச்சை கலந்த தோல், நோயுற்றது போலவும் இருந்ததைவிடக் கறுத்தும் தோன்றும். இதைப் பார்க்கிறவர் குறை தோலில் இருப்பதாக நினைத்து, தோலை மட்டும் வெளுக்கத் தொடங்குகிறார். அங்கேதான் பிழை பிறக்கிறது.

அக்காவுக்குப் பக்கத்தில் நின்றவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருடைய காலர் அக்காவின் முகத்துக்கு விழுந்த அதே நிழலில் இருந்தது. கிம்ப் மென்பொருளின் நிறம் எடுக்கும் கருவியால் அந்தக் காலரைத் தொட்டுப் பார்த்தபோது சிவப்பு 188, பச்சை 206, நீலம் 181 என்று காட்டியது. வெள்ளைத் துணியில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பச்சை இவ்வளவு உயர்ந்து நின்றது ஒளியின் குற்றம். நெற்றியில் சிவப்பு 142, பச்சை 131, நீலம் 96. எந்த நிறத்துத் தோலானாலும் இயல்பான ஒளியில் சிவப்பு முதலிலும் பச்சை அடுத்தும் நீலம் கடைசியிலும், தெளிவான இடைவெளியோடு நிற்கும். இங்கே சிவப்புக்கும் பச்சைக்கும் இடைவெளி மிகவும் சுருங்கியிருந்தது. `Colors > Levels` பெட்டியில் சிவப்பின் உள்ளீட்டு மேல் எல்லையை 250க்கும், நீலத்தின் உள்ளீட்டு மேல் எல்லையை 240க்கும், பச்சையின் வெளியீட்டு மேல் எல்லையை 238க்கும் இறக்கியதும் காலர் மூன்றிலும் 192 அளவுக்கு வந்தது. நெற்றி ஏறத்தாழ 145, 122, 102 என்று மாறியது. தோலைத் தனியாகத் தொடவே இல்லை, ஆனால் முகத்துக்கு உயிர் வந்துவிட்டது.

அடுத்தது வெளிச்சம். எவ்வளவு உயர்த்தலாம்? சாட்சிப் படத்தில் வெள்ளைத் தாள் 235 காட்டியது; நெற்றி 178, 147, 122 காட்டியது. அதாவது, வெள்ளைக்கும் அவருடைய நெற்றிக்கும் உள்ள விகிதம் சிவப்பில் நூற்றுக்கு 76 அளவு. பூங்காப் படத்தில் பச்சையை நீக்கிய பிறகு 192க்கு 145; அதுவும் நூற்றுக்கு 76தான். துணியும் தாளும் ஒரே வெண்மை அல்ல என்பதால் இவ்வளவு துல்லியமாக எல்லாப் படத்திலும் பொருந்தாது, நாலைந்து புள்ளிகள் முன்பின் ஆகலாம். ஆனால் இங்கே பொருந்தியதால், தோலின் நிறம் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, இனி முழுப் படத்தின் வெளிச்சத்தையும் ஒன்றாக உயர்த்துவது மட்டும்தான் மிச்சம் என்பது உறுதியானது. `Colors > Curves` பெட்டியில் வளைவை, அடிமுனையிலிருந்து காலர் நிற்கும் இடம் வரை நேர்கோடாகவே இருக்கும்படி மெதுவாக மேலே தூக்கி, காலர் 230 அளவுக்கு வரும்போது நிறுத்தினேன். நெற்றி 174 சிவப்புக்கு வந்தது. முகம் பளிச்சென்று ஆனது. அவர் கேட்டது கிடைத்தது. அதே நேரத்தில் வெள்ளைக்கும் தோலுக்கும் உள்ள உறவு மாறவில்லை.

வெள்ளைத் துணி அப்படியே இருக்க, தோல் மட்டும் அதை நோக்கி ஏறினால், அது வெளிச்சத் திருத்தம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. செயலிகளில் இருக்கும் ‘பிரைட் ஸ்கின்’ போன்ற பொத்தான்கள் செய்வது இதைத்தான். கழுத்தும் காதும் பழைய நிறத்தில் இருக்க, முகம் மட்டும் மாவு பூசியது போல நிற்பதும் இதனால்தான். என்னிடம் வருகிறவர்களில், நிறத்தை வெளுத்தால்தான் வேலை கிடைக்கும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நம்பிக்கையை ஊட்டியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். ஆனாலும் தோலை வெளுத்த படத்தை நான் தருவதில்லை. நேர்காணல் அறைக்குள் அவர் தன் சொந்த நிறத்தோடுதான் நுழையப்போகிறார். எதிரே இருப்பவர்கள் அந்த வேறுபாட்டைக் கவனித்தால், அதைச் சொந்த முகத்தைப் பற்றியே உண்மை சொல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது.

ஒரு சின்ன வேலை மிஞ்சியிருந்தது. முழுப் படத்திலும் பச்சையை நீக்கிய பிறகும், முகவாய்க்கு அடியிலும் கழுத்தின் மேற்பகுதியிலும் புல்லின் எதிரொளி தங்கியிருந்தது. லேயரை ஒரு பிரதி எடுத்து, `Colors > Color Balance` பெட்டியில் பச்சையைச் சிறிது குறைத்து, அந்த லேயரை முழுக்க மறைக்கும் கறுப்பு மாஸ்க் போட்டு, முகவாய்க்கு அடியில் மட்டும் மென்மையான வெள்ளைத் தூரிகையால் தடவித் தெரிய வைத்தேன். மாஸ்க்கை மூடித் திறந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். ஆனால் அதைச் செய்யாவிட்டால் முகம் ஏதோ ஒட்டவைத்தது போலத் தோன்றும்.

கண்ணுக்குக் கீழே உள்ள கருமையில் இரண்டு பங்குகள் கலந்திருந்தன. மேலிருந்து வந்த ஒளியால் புருவ எலும்பின் நிழல் கண்குழியில் விழுந்திருந்தது ஒரு பங்கு. அவருக்கு இயல்பாகவே உள்ள கருமை மறு பங்கு. சாட்சிப் படத்தில் ஒளி எதிரிலிருந்து வந்ததால் முதல் பங்கு இல்லை, இரண்டாவது மட்டும் லேசாகத் தெரிந்தது. எனவே அந்த அளவுதான் இலக்கு. வெளிச்சம் கூட்டிய ஒரு லேயரைக் கறுப்பு மாஸ்க்கால் மறைத்து, தூரிகையின் அடர்த்தியைப் பத்து விழுக்காட்டில் வைத்து, கண்ணுக்குக் கீழே சில முறை தடவிக்கொண்டே சாட்சிப் படத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துவந்த இடத்தில் கை நின்றது. இதைத் தாண்டி முழுக்க அழித்தால் கீழ் இமையின் வளைவே போய்விடும். கண் முகத்திலிருந்து பிதுங்கி நிற்கும். அளவு மீறிவிட்டதைக் கண்டுபிடிக்க எளிய வழி, படத்தை முழு அளவில் வைத்து, கண்ணுக்குக் கீழே உள்ள தோலையும் கழுத்தின் தோலையும் மாறி மாறிப் பார்ப்பது. கழுத்தில் நுண்துளைகளும் மெல்லிய கோடுகளும் இருக்க, கன்னத்தில் அவை இல்லாமல் வழவழப்பாக இருந்தால், அளவு தாண்டிவிட்டது.

பூங்காப் படத்தில் தாடையில் ஒரு பரு இருந்தது. சாட்சிப் படத்தில் அது இல்லை. `Heal` கருவியால் இரண்டு தொடுதலில் நீக்கினேன், யோசிக்க எதுவும் இல்லை. புருவத்துக்கு மேலே இருந்த தழும்பு வேறு. அது சிறு வயதில் விழுந்ததால் வந்தது என்று சொன்னார். சாட்சிப் படத்திலும் இருந்தது, நேரில் பார்க்கும் எவருக்கும் தெரியும். ஆனால் பூங்காவின் மேல்வெளிச்சத்தில் அதன் விளிம்பில் ஒரு நிழல் சேர்ந்து, நேரில் இருப்பதைவிட ஆழமாகத் தெரிந்தது. அந்த நிழலை மட்டும் லேசாக்கினேன், தழும்பை விட்டுவிட்டேன். அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

“இதை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம் தம்பி? நான் என்ன கல்விச் சான்றிதழையா திருத்தச் சொல்கிறேன்?”

“நட்டம் இல்லைதான் அக்கா. ஆனால் உங்களை அடையாளம் காண்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். படத்தில் இல்லாமல் நேரில் இருந்தால், இன்னும் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று தேடத் தோன்றும். படத்திலேயே இருந்தால் நேரில் யாரும் இதைக் கவனிக்கப்போவதில்லை.”

இதில் எனக்கு முழு உறுதி இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தழும்பு ஒருவரின் சொந்த விஷயம். அதன் பின்னால் ஒரு துயரம் இருந்து, அதைப் பற்றிக் கேள்வி வருவதையே அவர் தவிர்க்க விரும்பினால், நான் வேறு மாதிரி முடிவு செய்யக்கூடும். அப்போதும் முழுக்க அழிப்பதைவிட, தலையைக் கொஞ்சம் திருப்பி, தழும்பு நிழல் பக்கம் வருமாறு புதிய படம் எடுக்கவே சொல்வேன். கோணத்தைத் தேர்ந்தெடுப்பது எல்லாருக்கும் உள்ள உரிமை. அக்காவிடம் இரண்டு விதமாகவும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தழும்பு இல்லாத படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது தன் முகம் போல இல்லை என்று அவரே சொன்னார்.

நரை விஷயத்தில் சாட்சிப் படம் நேரடியாக விடை தரவில்லை. அவர் வழக்கமாகச் சாயம் பூசுகிறவர். பூங்காவில் எடுத்தபோதும் சாட்சிப் படத்தின்போதும் பூசாமல் விட்டிருந்ததால், வகிட்டின் இரு பக்கமும் விரல் அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. நேர்காணலுக்கு எப்படிப் போவீர்கள் என்று மட்டும் கேட்டேன். சாயம் பூசிக்கொண்டுதான் போவேன் என்றால், வகிட்டைக் கருமையாக்குவதில் எனக்குத் தடையில்லை. அது வரப்போகும் உண்மையான தோற்றம்தான். பூசப்போவதில்லை என்றால், படத்தில் மட்டும் கருப்பாக்குவது வயதைக் குறைத்துக் காட்டுவது. அவர் யோசித்துவிட்டு, சாயத்தை விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்திருப்பதாகச் சொன்னார். நரை அப்படியே இருந்தது. பச்சை ஒளி போன பிறகு அந்த வெள்ளை இழைகள் சுத்தமான வெள்ளியாக வந்திருந்ததில் அவருக்கும் திருப்திதான்.

கோட்டும் அலுவலகமும் வேறு வகை. அவற்றில் சாட்சிப் படத்தால் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் அவை முகத்தைப் பற்றியவை அல்ல. அங்கே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்தப் படத்தைப் பார்க்கிறவர் இதிலிருந்து என்ன செய்தியை எடுத்துக்கொள்வார் என்பது. சாம்பல் நிறச் சுவர் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. பின்னால் கண்ணாடி அறைகளும் கூட்ட மேசையும் தெரிந்தால், இவர் இப்போது இப்படி ஓர் இடத்தில் வேலை பார்க்கிறார் என்ற செய்தி போகிறது. வேலையில் இடைவெளி விட்டவர் அப்படிக் காட்டுவது, தன் பணி வரலாற்றைப் பற்றிப் படத்தின் மூலம் சொல்லும் பொய். மருத்துவரின் வெள்ளைக் கோட்டு, பாதுகாப்புத் தலைக்கவசம், ஒரு நிறுவனத்தின் அடையாள அட்டை ஆகியவற்றை ஒட்டுவதும் இப்படித்தான். அவை உடை என்ற நிலையைத் தாண்டித் தகுதியைச் சொல்கின்றன. மாறாக, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தால், அதை எடுத்துவிடுவதே சரி.

சாதாரணக் கோட்டு இதில் சேராது. அது தகுதியைச் சொல்வதில்லை. ஒட்டினால் பெரிய பொய் என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஸ்டுடியோக்களில் தயாராக வைத்திருக்கும் கோட்டுப் படங்கள் எல்லாம் நேர் எதிர் வெளிச்சத்தில் எடுத்தவை. அக்காவின் முகத்துக்கு ஒளி மேலிருந்து இடப்பக்கமாக வந்திருந்தது. முகவாயின் நிழல் கழுத்தில் விழுந்து, கோட்டின் காலரில் விழாமல் நின்றுவிடும். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு கத்தரித்த விளிம்பு தெரியும். நாள் முழுவதும் சுயவிவரங்களைப் பார்க்கிறவர்களின் கண் அந்த விளிம்பில்தான் போய் நிற்கும். அக்கா போட்டிருந்த உடை எளிமையாக, ஒரே நிறத்தில் இருந்தது. தோள்பட்டையில் கசங்கியிருந்த மடிப்புகளை மட்டும் நீக்கி அப்படியே விட்டேன்.

பின்னணியாக அதே மரங்களையே வைத்துக்கொண்டேன். மங்கலாக்கி, சற்றே இருட்டாக்கினேன். முகத்தில் விழுந்த ஒளிக்கும் அந்த மரங்களுக்கும் பொருத்தம் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆளைத் தனி லேயராகப் பிரித்துவிட்டு, கீழே இருக்கும் முழுப் படத்தையும் அப்படியே மங்கலாக்கினால், அந்தக் கீழ்ப் படத்தில் இருக்கும் ஆளின் நிறமும் சேர்ந்து பரவி, தலையைச் சுற்றி ஒரு வளையம் போலத் தெரியும். ஆகவே முதலில் கீழ் லேயரில் ஆளை `Clone` கருவியால் இலைகளைக் கொண்டு மூடிவிட்டு, அதன் பிறகுதான் `Filters > Blur > Gaussian Blur` கொடுக்க வேண்டும். தலைமயிரின் ஓரத்தில் பறக்கும் இழைகளை வெட்டி மழுங்கடிக்காமல், மாஸ்க்கில் மெல்லிய தூரிகையால் விட்டுவைக்க வேண்டும். அவற்றில் ஒட்டியிருக்கும் பச்சையை, நிறச் செறிவைக் குறைத்து நீக்கலாம். பக்கத்துத் தோழியின் கை அக்காவின் தோளில் இருந்தது. பெரும்பகுதி சதுர வெட்டுக்கு வெளியே போய்விட்டது, உள்ளே மிஞ்சிய விரல் நுனிகளை மறு தோளின் துணியால் மூடினேன். இதில் அவரைப் பற்றி எதுவும் மாறவில்லை.

முடித்த படத்தை உடனே அனுப்பாமல் மறுநாள் வரை வைத்திருந்தேன். திருத்திக்கொண்டே இருக்கும் கண் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழகிவிடும். ஓர் இரவு கழித்துத் திறந்தால் மிகையானது முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். பிறகு அதை நூறு பிக்சல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், ஏனென்றால் தேடல் பட்டியலில் படம் கிட்டத்தட்ட அவ்வளவு சிறியதாகத்தான் தெரியும். அந்த அளவில் கண்ணுக்குக் கீழே செய்த வேலையோ பரு நீங்கியதோ தெரிவதே இல்லை. வெளிச்சம், வெட்டு, பின்னணி ஆகிய மூன்று மட்டும்தான் தெரிகின்றன. நேரத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. கடைசியாக, அக்காவை ஒருமுறை காணொளி அழைப்பில் வரச்சொல்லி, முகத்தையும் படத்தையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இணையவழி நேர்காணலில் எதிர்ப்பக்கம் இருப்பவர் பார்க்கப்போவதும் இதே காட்சிதான்.

ஏற்றுமதி செய்யும்போது 800க்கு 800 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளி, ஜேபிஜி தரம் 90 என்று வைத்தேன். `File > Export As` பெட்டியில் எக்சிஃப் தகவலைச் சேமிக்கும் குறியை நீக்கிவிட்டேன்; கைபேசிப் படத்தில் எடுத்த இடத்தின் ஆயங்கள் பதிந்திருக்கக்கூடும், அதை முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் மீண்டும் கேட்டார்: ஓர் அரசு விண்ணப்பத்துக்கும் கடவுச்சீட்டுப் புதுப்பிப்புக்கும் இதே படத்தைப் பயன்படுத்தலாமா என்று. கூடாது என்று சொன்னேன். சுயவிவரப் படத்தில் ஒளியையும் பின்னணியையும் திருத்துவதை எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அடையாளத்துக்காகக் கொடுக்கும் படத்தில் கணினித் திருத்தமே கூடாது என்பது பொது விதி, பரு நீக்கியதும் அதில் அடங்கும். அதற்கு வெற்றுச் சுவருக்கு முன்னால், புன்னகை இல்லாமல், சாட்சிப் படம் எடுத்த அதே சன்னல் வெளிச்சத்தில், தாளைக் கீழே வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதை அளவுக்கு வெட்டியதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை.